தண்ணீரில் தலைகீழாக நின்றவர்

பெற்றோர் வைத்த பெயரால் அவரைக் கடையில் யாரும் கூப்பிட்டதில்லை. மச்சம் என்றால்தான் தெரியும். அவர் இறந்த பிறகு ஸ்டூடியோக் கதவில் ஒட்டிய தாளில் முழுப் பெயர் அச்சாகியிருந்தது. நின்று படித்த பழைய வாடிக்கையாளர்கள், "யாருங்க இது?" என்று கேட்டார்கள். மச்சம் என்றதும் தாளை மறுபடி முதலிலிருந்து படித்தார்கள்.

மச்சம் என்ற பெயர் வேலைக்குச் சேர்ந்த முதல் வருடத்தில் வந்தது. ஒரு கல்யாண ஆல்பத்தைச் சுத்தம் செய்யக் கொடுத்திருந்தார்கள். மணப்பெண்ணின் கீழுதட்டுக்கு அடியில், இடது பக்கம் இருந்த கறுப்புப் புள்ளியை லென்ஸில் ஒட்டிய தூசி என்று நினைத்து, நூற்று நாற்பது படங்களிலும் ஒன்று விடாமல் துடைத்துவிட்டார். பெண்ணின் அம்மா ஆல்பத்தைக் கவுண்டரில் விரித்து வைத்து, "இது யாரு? எங்க பொண்ணு எங்க?" என்று கேட்டபோதுதான் அது மச்சம் என்று தெரிந்தது. மூன்று நாள் உட்கார்ந்து ஒவ்வொன்றாகத் திரும்ப வைத்தார். அதிலும் பதினோரு படத்தில் வலது பக்கம் வைத்துவிட்டார். அன்று முதலாளி வைத்த பெயர், அவருக்கு ஐம்பது வயது தாண்டியும் கூடவே இருந்தது.

படத்தில் இருப்பதை எடுப்பதும் இல்லாததை வைப்பதும் அவர் தொழில். ஸ்டூடியோவின் பின்னறையில் ஜன்னல் கிடையாது. மேசை, கணினி, சுழலும் நாற்காலி, ஒரு ஸ்டூல், அவ்வளவுதான். அங்கே உட்கார்ந்து அவர் சிரிக்காதவர்களைச் சிரிக்க வைத்தார், வராத மாமாவைக் குடும்பப் படத்தில் நிறுத்தினார். ஆனால் அவருக்கு உள்ளூரப் பைத்தியம் தண்ணீர் மீதுதான். தண்ணீரில் ஒரு பொருளை ஒட்டுவதுபோல் கஷ்டமான வேலை வேறு இல்லை என்பார். சுவரில் ஒரு படத்தை மாட்டினால் அது அங்கேயே இருக்கும். தண்ணீரில் ஒரு பூவை வைத்தால் கீழே இன்னொரு பூ கேட்கும்.

வீட்டில் கழுவுதொட்டியை நிரப்பி, ஓரத்தில் ஒரு கரண்டியை நிறுத்தி, விரலால் தண்ணீரைத் தொட்டுவிட்டுக் குனிந்து பார்ப்பார். கரண்டியின் பிம்பம் எங்கே உடைகிறது, எங்கே சேர்கிறது என்று கணக்கு வைப்பார். "தண்ணிய குடிக்கிறவங்களப் பாத்திருக்கேன், தண்ணிய முறைக்கிறவர இங்கதான் பாக்கறேன்" என்பார் மனைவி. "முறைச்சு முடிச்சாச்சுன்னா அந்தப் பாத்திரத்தையும் கழுவி வச்சிடுங்க."

ஒரு செவ்வாய்க்கிழமை காலையில் ஒரு பெண் வந்தாள். முப்பது வயதிருக்கும். கையில் ஒரு பழைய போன்.

"இது எங்க அம்மா போனு. பேட்டரி மாத்தித் தரேன்னு சொல்லி வாங்கிட்டு வந்திருக்கேன். சாயங்காலத்துக்குள்ள திருப்பிக் குடுத்துடணும்" என்றாள். அதில் இருந்த ஒரு படத்தைத் திறந்து காட்டினாள். வீட்டுப் பின்கட்டில் இருக்கும் சின்னக் குளம். குறுக்கே ஏழெட்டு அடி எடுத்து வைத்தால் தாண்டிவிடலாம். சுற்றிலும் கல் கட்டியிருந்தது. எதிர்க்கரையின் கல்விளிம்போடு படம் மேலே முடிந்துவிட்டது. மீதியெல்லாம் தண்ணீர்.

"அப்பா அவர் கையாலயே வெட்டின குளம். தாமரைக் கிழங்கு போட்டாரு. ஒரு இலைகூட வரல, அதுக்குள்ள போயிட்டாரு. நாலு மாசம் ஆச்சு. அம்மா நாளெல்லாம் இந்த ஒரு போட்டோவத்தான் பாத்துட்டு இருக்காங்க. அதுவும் போனைத் தலைகீழாப் புடிச்சுக்கிட்டு! நேராப் புடிங்கம்மான்னு எத்தனை தடவ சொல்லிட்டேன்."

முதலாளி சிரித்தார். "எங்க அம்மா போனைக் காதுல வச்சுக்கிட்டுப் படம் தெரியலங்கும். வயசானா அப்படித்தாம்மா."

"வெறுந்தண்ணியப் பாத்துப் பாத்து அழறாங்க. அதுல நாலு தாமரை பூத்த மாதிரி, ரெண்டு மீன், நடுவுல வட்டவட்டமா அலை, இதெல்லாம் போட்டுக் குடுங்க. அப்பா ஆசைப்பட்ட மாதிரி. அம்மா திறந்து பாக்கறப்ப அதே இடத்துல, அதே பேருல இந்தப் படம் இருக்கணும். அவங்களுக்குத் தேடத் தெரியாது."

முதலாளி படத்தைக் கணினிக்கு மாற்றிப் பின்னறைக்கு அனுப்பினார். மச்சம் அதைத் திரை முழுக்கப் பெரிதாக்கிப் பார்த்தார். நல்ல தண்ணீர். காற்றில்லாத நேரம். வலது பக்கம் ஒரு மரத்தின் நிழல் விழுந்து கறுத்திருந்தது. மற்ற இடமெல்லாம் வானம் படிந்து வெளுத்திருந்தது.

முதலில் பூ. தண்ணீருக்கு மேல் தண்டில் நிமிர்ந்து நிற்கும் பூவை அப்படியே கவிழ்த்து ஒட்டினால் பிம்பம் ஆகிவிடாது. கரையில் நிற்கிறவர் பூவை மேலிருந்து பார்க்கிறார். தண்ணீரோ அதைக் கீழிருந்து பார்க்கிறது. ஆகவே பிம்பத்தில் இதழ்களின் அடிப்பக்கமும் தண்டு சேரும் இடமும்தான் தெரிய வேண்டும். மச்சம் எப்போதோ கோயில் குளத்தின் கடைசிப் படியில் படுத்துக்கொண்டு கீழிருந்து எடுத்த தாமரைப் படங்கள் அதற்கென்றே வைத்திருந்தார். தண்டு தண்ணீரைத் தொடும் புள்ளியிலிருந்து மேலே எவ்வளவோ, கீழேயும் அவ்வளவு. நிறம் ஒரு படி மங்கல்.

அடுத்தது பிம்பத்தைத் தண்ணீரோடு நெளிய வைப்பது. அதற்கு அவர் 'அச்சு' என்று ஒன்று செய்வார். குளத்துப் படத்தில் ஒரு நகல் எடுத்து, நிறத்தை நீக்கிக் கறுப்புவெள்ளை ஆக்கி, துளி கலங்கவைத்து, தனிக் கோப்பாகச் சேமிப்பது. கணினி அந்த அச்சைப் பார்த்துப் பிம்பத்தை நகர்த்தும். நடுச் சாம்பல் இருக்கிற இடத்தில் பிம்பம் நகராது. வெளுத்த இடம் ஒரு பக்கம் தள்ளும், கறுத்த இடம் எதிர்ப்பக்கம் இழுக்கும். குளத்தின் சொந்த நெளிவு பூவின் பிம்பத்துக்கும் வந்துவிடும்.

அச்சை ஏற்றியதும் குளத்தின் நடுவில் வைத்த பூவின் பிம்பம் கத்தியால் வெட்டியதுபோல் ஒரு பக்கம் துண்டாகி விலகியது.

"என்னடா இது" என்று தனக்குத்தானே சொல்லிக்கொண்டார். பெரிதாக்கிப் பார்த்தார். எதிர்க்கரைக் கல்லிலிருந்து நடுத் தண்ணீர் வரை ஒரு கறுப்புத் தீற்றல் இறங்கியிருந்தது. வெளுத்த வானத்துக்கு நடுவே அது ஒரு கறைபோல் கிடந்தது. அச்சில் அந்தக் கறுப்பு பிம்பத்தை வெடுக்கென்று இழுத்திருந்தது.

பாசியோ, உடைந்த மரமோ என்று நினைத்தார். அந்தக் கறுப்புக்குள் குளத்தடிக் கூழாங்கற்கள் லேசாகத் தெரிந்தன. வேறொரு நாளாக இருந்தால் அந்தக் கூழாங்கற்கள் அவரை நிறுத்தியிருக்கும். வானம் படிந்த இடத்தில் தண்ணீருக்குள் இருப்பது தெரியாது. ஏதாவது ஒன்று வானத்தை மறைத்து நின்றால்தான் தெரியும். மீனைக்கூட அவர் மர நிழலில்தான் வைப்பார். இதெல்லாம் அவருக்கு மனப்பாடம். ஆனால் முன்கூடத்தில் அந்தப் பெண் கடிகாரத்தைப் பார்த்துக்கொண்டு உட்கார்ந்திருந்தாள். "மச்சம், ஆச்சா?" என்று முதலாளி இரண்டு முறை கேட்டுவிட்டார்.

பக்கத்துத் தண்ணீரை எடுத்துத் தீற்றலின் மேல் பூசினார். கறை போய்விட்டது. சுத்தமான தண்ணீரில் புதிய அச்சு ஒன்று செய்தார். பிம்பம் இப்போது அழகாக நெளிந்தது. மர நிழலில் இரண்டு மீன், பச்சை கலந்த மங்கல் நிறத்தில், ஓரம் கூர்மையில்லாமல். ஒரு மீன் வாய் திறந்து மேற்பரப்பைத் தொடும் இடத்திலிருந்து அலை வட்டங்கள். தூரத்தில் இருக்கும் வட்டம் தட்டையாக நசுங்கியும், அருகில் வர வர அகன்றும். அலை கடக்கும் இடத்தில் தாமரையின் பிம்பம் கீற்றுக்கீற்றாக உடைந்து உடைந்து சேர்ந்தது. அசல் படத்தின் பெயரிலேயே அதன் மேல் சேமித்து, போனில் ஏற்றிக் கொடுத்தார்.

"மீன் இன்னும் பளிச்சுன்னு தெரியக்கூடாதா?" என்றாள் அந்தப் பெண்.

"தெரிஞ்சா அது தண்ணிக்கு மேல நீந்துற மீனும்மா" என்றார் மச்சம்.

அவள் சிரித்தாள். பிறகு படத்தைப் பார்த்துக் கண்ணைத் துடைத்துக்கொண்டு போனாள். மச்சத்துக்கும் அன்று மனம் நிறைந்திருந்தது. கடையின் வழக்கப்படி, டெலிவரி ஆன வேலையின் பூ, மீன், தண்ணீர் என்று அடுக்கடுக்காக இருக்கும் பெரிய கோப்பை மாலையில் அழித்துவிட்டு வீட்டுக்குப் போனார்.

வியாழக்கிழமை காலை பத்தரை மணிக்கு அதே பெண் திரும்பி வந்தாள். பின்னால் அவள் அம்மா. ஒல்லியான உருவம். போனை இரண்டு கையாலும் நெஞ்சோடு சேர்த்துப் பிடித்திருந்தார். மகளின் முகம் வெளுத்திருந்தது.

"பழைய போட்டோ உங்ககிட்ட இருக்குல்ல? இருக்குன்னு சொல்லுங்க" என்றாள் மகள்.

முதலாளி மச்சத்தைக் கூப்பிட்டார். அம்மா கவுண்டரில் போனை வைத்து, படத்தைத் திறந்து, அதைத் தலைகீழாகத் திருப்பினார். விரல் நடுத்தாமரையின் மேல் போய் நின்றது.

"இங்கதான் நின்னாரு" என்றார். குரல் உயரவில்லை. "எங்க அவரு?"

மச்சத்துக்கு முதலில் புரியவில்லை. அம்மாவே சொன்னார். "நான்தான் எடுத்தேன். இந்தக் கரையில நான், அந்தக் கரையில அவரு. இடுப்புல கைய வச்சுக்கிட்டு நின்னாரு. என்ன எடுக்காத, குளத்த மட்டும் எடுன்னாரு. சரின்னு குளத்த மட்டும்தான் எடுத்தேன். அப்புறம் பாத்தா தண்ணிக்குள்ள நிக்கிறாரு. அடுத்த வாரம் ஆளே இல்ல. கடைசியா எடுத்தது இதுதான்."

மச்சத்துக்கு அப்போதுதான் நினைவு வந்தது. கறுப்புத் தீற்றல். மேலே கல்லில் தொடங்கி நடுவில் முடிந்தது. மேலே கால், கீழே தலை. நடுவில் பிதுங்கியது முழங்கை. கறுப்புக்குள் தெரிந்த கூழாங்கற்கள், அவர் உடம்பு வானத்தை மறைத்ததால் தெரிந்தவை. கரையில் ஆள் தெரியவில்லையே என்று தீற்றலைக் கறை என்று முடிவு கட்டினார். படம் கல்லோடு வெட்டுப்பட்டிருந்ததை யோசிக்கவில்லை. முப்பது வருடமாகத் தண்ணீரை முறைத்தவர், தண்ணீரில் நின்ற மனிதரைத் துடைத்துவிட்டார்.

"போன்ல பழசு இல்லையாம்மா?" என்றார் முதலாளி மகளிடம்.

"நீங்க ஏத்தறதுக்கு முன்னாடியே நான் அழிச்சிட்டேன். ரெண்டும் இருந்தா அம்மா குழம்பிடுவாங்கன்னு… போனோட குப்பைக்கூடையிலேருந்தும் அழிச்சிட்டேன். நான் யாருக்கும் அனுப்பலயே, அம்மாவும் அனுப்பல." அவள் குரல் உடைந்தது. "போனை ஏன் தலைகீழாப் புடிக்கிறீங்கன்னு நான் எத்தனை தடவ கேட்டேன். ஏம்மா சொல்லல?"

"கேட்டியா? நேராப் புடின்னுல்ல சொன்ன" என்றார் அம்மா.

முதலாளி போனைக் கம்பியில் மாட்டி, அழிந்ததை மீட்கும் செயலியை ஓட்டினார். பத்து நிமிடம் சுற்றியது. பழைய வாழ்த்துப் படங்கள் வந்தன. குளம் வரவில்லை. கடைக் கணினியில் அசல் மேலேயே சேமித்தாயிற்று. பெரிய கோப்பும் அழிந்தாயிற்று. இனி ஒன்றும் இல்லை.

முதலாளி மச்சத்தைப் பின்னறைக்கு இழுத்துப் போய்க் கதவைச் சாத்தினார்.

"யோவ், எதுக்குய்யா இப்படி நிக்கிற? அவர் படம் வேற இருக்கும்ல வீட்டுல. ஒண்ணு வாங்கு. கவுத்துப் போடு. தாமரையக் கவுக்கலியா? அதே மாதிரி நெளிய விடு. மங்கலாத்தான இருந்துச்சு? அந்தம்மாவுக்குத் தெரியவா போகுது?"

மகளும் கதவைத் திறந்து அதையே சொன்னாள், கிசுகிசுப்பாக. "என் போன்ல அப்பா நிக்கிற படம் இருக்கு. இடுப்புல கை வச்சுக்கிட்டே. செஞ்சு குடுங்க. கிடைச்சிடுச்சுன்னு சொல்லிடறேன். அம்மா ரெண்டு நாளா சாப்பிடல."

மச்சம் நாற்காலியில் உட்கார்ந்தார். அவள் அனுப்பிய படத்தைத் திறந்தார். வாசல்படியில் நிற்கும் மனிதர், கறுப்புச் சட்டை, இடுப்பில் கை. வெட்டி எடுத்தார். கவிழ்த்தார். செவ்வாயன்று முடித்த படத்தில், கால் கல்லைத் தொடும்படி வைத்தார். உயரம் சரி. கறுப்பும் சரி. கை பழகிய வேகத்தில் போனது.

பார்த்தார். சரியாக இல்லை.

வாசல்படிப் படம் நேர்மட்டத்தில் எடுத்தது. தண்ணீர் அவரை அப்படிப் பார்த்திருக்காது. தண்ணீர் காலடியிலிருந்து நிமிர்ந்து பார்த்திருக்கும். முழங்கையின் அடிப்பக்கமும் தாடையின் அடியும் தெரிந்திருக்கும். தோள் சிறுத்து, இடுப்பு பருத்து. பூவுக்குக் கடைசிப் படியில் படுத்து எடுத்த படம் இருந்தது. மனிதருக்கு இல்லை. நான்கு மாதம் தினமும் போனைத் திருப்பித் திருப்பிப் பார்த்த ஒருவருக்கு இது யாரோ என்று உடனே தெரிந்துவிடும். தெரியாவிட்டால்? தெரியாவிட்டால் அதைவிட மோசம் என்று பட்டது. அந்த அம்மா மிச்ச நாளெல்லாம் இவர் ஒட்டிய ஆளைப் பார்த்து அழுதுகொண்டிருப்பார்.

இருந்தாலும் கை நிற்கவில்லை. நெளிவு கொடுக்கும் கட்டளையை அழுத்தினார். எந்த அச்சு என்று கணினி கேட்டது. தண்ணீர் அச்சுகளைச் சேர்த்து வைக்கும் கோப்புறை திறந்தது. ஒவ்வொரு குளத்தின் நெளிவும் என்றாவது உதவும் என்று அவர் அழிக்காமல் வைத்திருப்பார். செவ்வாய்க்கிழமை அச்சு ஒன்று கடைசியில் இருந்தது.

ஒன்று.

அன்று அவர் செய்தது இரண்டு. முதல் அச்சில்தான் தாமரை வெட்டுப்பட்டது. வெட்டியது அந்தக் கறுப்பு. அப்படியென்றால் அந்தக் கறுப்பு முதல் அச்சில் இருக்கிறது. சுத்தம் செய்வதற்கு முன்னால் எடுத்த நகல் அது!

கோப்புறையில் இருந்த அச்சைத் திறந்தார். வெறும் சாம்பல் தண்ணீர். இது இரண்டாவது. முதல் அச்சு எங்கே? மனதைப் பின்னால் ஓட்டினார். செவ்வாய் காலையில் அவர் பார்த்துக்கொண்டிருந்தது ஒரு கல்யாண ஆல்பம். அதைப் பாதியில் விட்டுவிட்டுத்தான் குளத்தைத் திறந்தார். அவசரத்தில் சேமித்தபோது இடம் மாற்றவில்லை. கணினி கடைசியாகத் திறந்திருந்த இடத்தில், ஆல்பத்தின் கோப்புறையில் போய் விழுந்திருக்கும்.

ஆல்பம் நேற்று மாலை டெலிவரி ஆகிவிட்டது. டெலிவரி ஆன ஆல்பங்களை முதலாளி மறுநாள் பதினோரு மணிக்கு, காபியோடு உட்கார்ந்து, முன்கூடத்துக் கணினியிலிருந்து மொத்தமாக அழிப்பார். கடை திறந்த நாளிலிருந்து அவர் தவறவிடாத வேலை அது.

சுவர்க் கடிகாரத்தில் பதினொன்று ஐந்து.

நாற்காலி பின்னால் சாய்ந்து விழுந்தது. மகளை இடித்துக்கொண்டு வெளியே ஓடினார். முதலாளி கவுண்டருக்குப் பின்னால், ஒரு கையில் டம்ளர், மறு கை மவுஸில்.

"கைய எடுங்க!"

காபி சிந்தியது. "என்னய்யா?"

"ஆல்பம். நேத்துப் போனது. அழிச்சாச்சா?"

"இப்பத்தான் செலக்ட் பண்ணேன், அதுக்குள்ள கத்துற…"

"தொடாதீங்க. எதையும் தொடாதீங்க. நகருங்க."

முப்பது வருடத்தில் முதலாளியை அவர் நகரச் சொன்னது அதுதான் முதல் தடவை. முதலாளி எழுந்து நின்றார். மச்சம் நின்றபடியே மவுஸைப் பிடித்தார். அவசரத்தில் இரண்டு முறை தவறிச் சொடுக்கினார். மாலை மாற்றும் படங்கள், சிரிக்கும் படங்கள், சாப்பிடும் படங்கள். நானூறு கோப்புகளுக்கு அடியில், பெயர்கூட வைக்காத ஒரு சாம்பல் கட்டம்.

திறந்தார்.

குளம். நிறமில்லாத, லேசாகக் கலங்கிய குளம். மேல் விளிம்பிலிருந்து கறுப்பாக ஒருவர் தொங்கினார்.

அம்மா கவுண்டரைச் சுற்றி வந்து தலையைச் சாய்த்துப் பார்த்தார். திரையைத் திருப்ப முடியாது என்பதால் உடம்பையே ஒரு பக்கமாக வளைத்தார். வளைந்தபடியே நின்றார்.

"இருக்காரு" என்றார்.

மகள் தரையில் உட்கார்ந்து முகத்தை மூடிக்கொண்டாள்.

மச்சம் முதல் வேலையாக அந்தக் கோப்பை மூன்று இடங்களில் நகல் எடுத்தார். பிறகுதான் வாயைத் திறந்தார். "அம்மா, தப்பு என்னோடது. கறைன்னு நெனச்சுத் துடைச்சுட்டேன். இது பழைய படம் கிடையாது. அதோட சாம்பல் நகல். கொஞ்சம் கலங்கலா இருக்கு. நிறம் போச்சு, ஓரம் போச்சு. நெழலு மட்டும் மிச்சம்."

"முகம் முன்னாடியும் தெரியல தம்பி. நின்ன விதம் தெரிஞ்சுது."

"நிறத்தச் சுத்தியிருக்கற தண்ணியிலேருந்து எடுத்துக் குடுக்கறேன். ஆனா இதுல இல்லாதது எதையும் நான் வைக்க மாட்டேன்."

அம்மா அவரை ஒரு கணம் பார்த்தார். "பூ வச்சீங்களே" என்றார்.

முதலாளி சிந்திய காபியைத் துடைப்பதில் மும்முரமாக இருந்தார்.

பின்னறையில் ஸ்டூலைப் போட்டு அம்மா உட்கார்ந்தார். மச்சம் முதலில் ஒட்டிய மனிதரை எடுத்து எறிந்தார். நடுத்தாமரையையும் அதன் பிம்பத்தையும் நீக்கினார். சாம்பல் அச்சிலிருந்து வெளிச்சத்தையும் இருட்டையும் மட்டும் எடுத்துக் குளத்தின் மேல் படர விட்டார். கறுப்பு மெல்ல ஊறி வந்தது. முதலில் கல்லில் ஒட்டிய கால்கள், பிறகு இடுப்பு, பிறகு பக்கத்தில் பிதுங்கிய முழங்கை. அம்மா மூச்சு விடுவது பின்னால் கேட்டது.

தலை இருக்க வேண்டிய இடத்தில் மீன் எழுப்பிய அலை வட்டம் ஒன்று குறுக்கே ஓடியது. அலையை வைத்தால் தலை கீற்றுக்கீற்றாக உடைய வேண்டும். அதுதான் சரியான முறை. அவர் கை தயங்கியது.

"அலை வேண்டாம்" என்றார் அம்மா. "ஆடாம நிக்கட்டும்."

வட்டங்களை ஒவ்வொன்றாக எடுத்தார். வாயைத் திறந்து மேலே வந்த மீனையும் எடுத்தார். அலை இல்லாமல் அது தண்ணீரைத் தொட முடியாது. ஆழத்தில் இருந்த மீன் தங்கிவிட்டது.

"தாமரை?"

"அந்த ஓரத்துல இருக்கறது மட்டும் இருக்கட்டும். அவரு கால்கிட்ட. பூக்கலையேன்னு அங்கதான் வந்து வந்து நிப்பாரு." கொஞ்சம் பொறுத்து, "கை இன்னும் கொஞ்சம் வெளிய இருந்துச்சோ?" என்று கேட்டார்.

மச்சம் அச்சைத் திரும்பத் திறந்து காட்டினார். இருவரும் பார்த்தார்கள். கை அச்சில் இருந்த இடத்தில்தான் இருந்தது.

"சரி, இதான் சரி" என்றார் அம்மா. "நான்தான் மறந்துட்டேன்."

மச்சம் மவுஸிலிருந்து கையை எடுத்தார். ஒரு சின்னக் கைநகர்வில் அந்த முழங்கையை அம்மா கேட்ட இடத்துக்குத் தள்ளியிருக்கலாம். அவரும் சந்தோஷமாகப் போயிருப்பார்.

இரண்டு மணிக்குப் படம் முடிந்தது. புதிய பெயரில் சேமித்துப் போனில் ஏற்றினார்கள். அம்மா போனைத் தலைகீழாகத் திருப்பினார். மகள் நேராகப் பிடிக்கச் சொல்லவில்லை. அம்மாவின் தோளில் முகவாயை வைத்து அவளும் தலைகீழாகப் பார்த்தாள்.

"அப்பாவுக்குத் தொப்பை தெரியுதும்மா" என்றாள்.

"எப்பத் தெரியாம இருந்துச்சு?"

பெரிதாக ஒரு பிரிண்ட் போட்டுச் சட்டம் அடித்துத் தர முதலாளியே முன்வந்தார், இது கடையின் பொறுப்பு என்றார். சட்டம் அடிக்கும்போது அம்மா, கீழ்ப்பக்கமும் ஒரு கொக்கி வேண்டும் என்றார்.

"கீழ எதுக்கும்மா கொக்கி? மேல ஒண்ணு போதும்ல" என்றார் முதலாளி.

மச்சம் அவர் கையிலிருந்து சுத்தியலை வாங்கினார். சட்டத்தைக் கவிழ்த்து மடியில் வைத்துக்கொண்டு, மேலே அடித்த அதே அளவு பார்த்து, கீழேயும் ஒன்று அடித்தார்.